அத்தியாயம் 5: சட்டியும் தோணியும்

செங்குத்து இறக்க முறையைக் கையால் செய்து பார்க்கப் போகிறோம். தாள், பென்சில், கால்குலேட்டர் போதும். கணினி நடுவில் ஒருமுறை வரும்.

முறை எளியது. ஒரு சார்பின் மதிப்பு எங்கே மிகக் குறைகிறது என்று தேடுகிறோம். நிற்கும் இடத்தில் சரிவு எந்தப் பக்கம் மிகுதியோ அந்தப் பக்கம் ஓர் அடி வைக்கிறோம். அங்கே நின்று மறுபடி சரிவைப் பார்த்து அடுத்த அடி வைக்கிறோம். பிரெஞ்சுக் கணித அறிஞர் கோஷி 1847-இல் இதை எழுதியபோது அவர் மனத்தில் இருந்தது வானியல்: கோள்களின் பாதையைக் கணிக்கும்போது வரும், பல மாறிகள் கொண்ட சமன்பாடுகள்.

முதன்முதலில் செய்து பார்ப்பவர் எல்லாருக்கும் ஒரு குழப்பம் வரும். திசை அந்த இடத்தின் மிகச் சரிவான திசை. அடியின் நீளமும் அந்தத் திசையில் மிகப் பொருத்தமான நீளம். இரண்டும் சரியாக இருந்தும் விடை ஆமை வேகத்தில் வருகிறது. அது ஏன், அதற்கு என்ன செய்வது என்பதுதான் இந்த அத்தியாயம்.

## பயிற்சிக்கான சார்பு

`f(x, y) = ½(x² + 10y²)`

இதன் மிகக் குறைந்த மதிப்பு (0, 0)-இல் இருக்கிறது, பார்த்தாலே தெரியும். விடை தெரிந்த கணக்கை எடுத்தால்தான் முறை எங்கே தடுமாறுகிறது என்பது கண்ணில் படும்.

x திசையில் வளைவு 1, y திசையில் 10. இரண்டும் சமமாக இருந்தால் இந்தச் சார்பு உருண்டையான சட்டி போல இருக்கும். சமமில்லாததால் தோணி போல இருக்கிறது: நீளவாக்கில் சரிவு மெல்லியது, குறுக்கே செங்குத்தானது. பெரிய வளைவைச் சிறிய வளைவால் வகுத்தால் வருவதை இங்கே நீட்சி எண் என்போம், குறியீடு κ. நம் சார்புக்கு κ = 10. பல மாறிகள் உள்ள `½xᵀAx − bᵀx` என்ற பொது வடிவில், A அணியின் மிகப் பெரிய ஐகன் மதிப்பை மிகச் சிறியதால் வகுத்தால் κ கிடைக்கும். இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய கோட்பாடு இவ்வளவே.

## முதல் இறக்கம்: படிப்படியாக

புறப்படும் இடம் (10, 1). இதை ஏன் எடுத்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

1. சார்பின் மதிப்பைக் குறியுங்கள். f = ½(100 + 10) = 55.

2. சாய்வைக் கணக்கிடுங்கள். x-ஐப் பொறுத்த பகுதி வகைக்கெழு x, y-ஐப் பொறுத்தது 10y. எனவே g = (10, 10). இது ஏறும் திசை. நாம் போக வேண்டியது −g.

3. அடி நீளத்தைக் கண்டுபிடியுங்கள். இருபடிச் சார்புக்கு இதில் ஊகம் வேண்டியதில்லை. இந்தக் கோட்டில் f எங்கே மிகக் குறைகிறதோ அங்கே கொண்டுபோய் நிறுத்தும் நீளம் `α = gᵀg / gᵀAg`. மேலே 100 + 100 = 200. கீழே 1×100 + 10×100 = 1100. α = 2/11, அதாவது 0.1818.

4. நகருங்கள். x = 10 − 1.818 = 8.182. y = 1 − 1.818 = −0.818.

5. சரிபாருங்கள். புதிய சாய்வு (8.182, −8.182). பழைய சாய்வோடு புள்ளிப் பெருக்கல் செய்தால் 81.82 − 81.82 = 0 வர வேண்டும். வராவிட்டால் 3-ஆம் படியில் பிழை.

6. 2-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

தொடர்ந்து செய்தால் கிடைப்பது இது:

| அடி | x | y | f |
|---|---|---|---|
| 0 | 10 | 1 | 55 |
| 1 | 8.182 | −0.818 | 36.82 |
| 2 | 6.694 | 0.669 | 24.65 |
| 3 | 5.477 | −0.548 | 16.50 |

y-இன் குறி ஒவ்வோர் அடியிலும் மாறுவதைப் பாருங்கள். தோணியின் ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவருக்குத் தாவுகிறோம். மறுபடி முதல் பக்கம், மறுபடி மறுபக்கம். ஒவ்வொரு தாவலிலும் நீளவாக்கில் கொஞ்சம்தான் முன்னேற்றம். x, y இரண்டின் அளவும் ஒவ்வோர் அடிக்கும் 9/11 மடங்காகச் சுருங்குகிறது, f அதன் வர்க்கமான 81/121 மடங்காகிறது.

கையால் மூன்று அடி போதும். மீதியைக் கணினியிடம் விடுங்கள்:

```python
import numpy as np
A = np.diag([1.0, 10.0])
x = np.array([10.0, 1.0])
for k in range(36):
    g = A @ x
    print(k, x, 0.5 * x @ A @ x)
    a = (g @ g) / (g @ A @ g)
    x = x - a * g
```

f தொடக்க மதிப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய 35 அடிகள் ஆகும். 10-ஐ 100 ஆக்கி, புறப்படும் இடத்தை (100, 1) என்று வைத்தால் 346 அடிகள். 1000 ஆக்கி (1000, 1)-இலிருந்து புறப்பட்டால் ஏறக்குறைய 3454. κ எத்தனை மடங்கு பெருகுகிறதோ, உழைப்பும் ஏறக்குறைய அத்தனை மடங்கு பெருகுகிறது.

> கவனம்: சுற்று எண்ணிக்கையை மிகப் பெரிதாக வைத்தால் g சுழியாகி, சுழியைச் சுழியால் வகுக்கும் நிலை வந்து திரையில் `nan` தோன்றும். α-ஐக் கணக்கிடும் முன்பே g-இன் அளவைச் சோதித்து நிறுத்துங்கள்.

## ஏன் இந்தத் தாவல் நடை?

5-ஆம் படியில் வந்த சுழிதான் காரணத்தைச் சொல்கிறது. ஒரு கோட்டில் f இனி குறையாது என்கிற இடம் வரை போய் நிற்கிறோம். அங்கே அந்தத் திசையில் சரிவே மிச்சமில்லை. மிச்சமிருக்கும் சரிவு முழுவதும் அதற்குக் குறுக்கே இருக்கிறது. அதனால் அடுத்த அடி செங்கோணத்தில் திரும்பித்தான் ஆக வேண்டும். அடி நீளத்தை எவ்வளவு கச்சிதமாகக் கணக்கிடுகிறோமோ அவ்வளவு கச்சிதமாகச் செங்கோணம் விழும்.

சட்டியில் இது தொந்தரவே இல்லை. வட்டத்தின் எந்தப் புள்ளியில் நின்றாலும் மிகச் சரிவான திசை மையத்தைப் பார்த்துத்தான் இருக்கும், ஒரே அடியில் வேலை முடிந்துவிடும். தோணியில் மிகச் சரிவான திசை பக்கத்துச் சுவரிலிருந்து குறுக்கே இறங்கும் திசை. (10, 1)-இல் நின்றால் மையம் இருக்கும் திசை x அச்சோடு 6 பாகைகூட இல்லை. சரிவு காட்டுவதோ 45 பாகை. போக வேண்டிய ஊர் மேற்கே இருக்க, வழிகாட்டிப் பலகை தென்மேற்கைக் காட்டுவது போல. சாய்வு பொய் சொல்லவில்லை. நாம் நிற்கும் இடத்தைப் பற்றி மட்டும் அது உண்மை சொல்கிறது.

தோணிக்குள் கோலிக்குண்டை விட்டால் அதுவும் பக்கவாட்டில் ஆடத்தானே செய்யும் என்று கேட்கலாம். ஆடும். ஆனால் குண்டு நீளவாக்கில் வேகத்தைச் சேர்த்துக்கொண்டே போகும். நம் முறை ஒவ்வோர் அடியிலும் நின்று, முந்தைய அடியை முழுக்க மறந்துவிட்டுப் புறப்படுகிறது.

இப்போது (10, 1)-ஐ எடுத்த காரணம். இந்தச் சார்புக்கு அதுதான் மிக மோசமான புறப்பாடு. x அச்சின் மேல் (10, 0)-இலிருந்து புறப்பட்டால் α = 1, ஒரே அடியில் (0, 0). (1, 1)-இலிருந்து புறப்பட்டால் இரண்டே அடிகளில் (0.0736, 0.0736). அதே சார்பு, அதே முறை, ஆனால் பறக்கிறது. எனவே ஒரே ஓர் இடத்திலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டு «நன்றாகத்தான் வேலை செய்கிறது» என்று முடிவு கட்டாதீர்கள். நான்கைந்து இடங்களிலிருந்து புறப்பட்டுப் பாருங்கள்.

## நிலையான அடி வைப்பவர்களுக்கு

ஒவ்வோர் அடிக்கும் α-ஐக் கணக்கிடாமல் ஒரே எண்ணை வைத்து ஓட்டுவது பலர் வழக்கம். அப்போது நம் சார்பில் ஒவ்வோர் அடிக்கும் x-ஐ (1 − α) பெருக்கும், y-ஐ (1 − 10α) பெருக்கும். இந்த இரண்டு பெருக்கிகளையும் பார்த்தாலே நடக்கப்போவது முழுவதும் தெரிந்துவிடும்.

- α = 0.01: பெருக்கிகள் 0.99, 0.9. ஆட்டம் இல்லை, ஆபத்தும் இல்லை. x நகரவே மாட்டேன் என்கிறது.
- α = 0.1: y ஒரே அடியில் சுழி. x ஒவ்வோர் அடிக்கும் 0.9 மடங்கு.
- α = 2/11: பெருக்கிகள் 0.818, −0.818. நிலையான அடிகளில் எல்லா இடத்துக்கும் சேர்த்துச் சிறந்தது இதுதான். சூத்திரம் 2/(சிறிய ஐகன் மதிப்பு + பெரிய ஐகன் மதிப்பு).
- α = 0.2: y-இன் பெருக்கி −1. இரு சுவர்களுக்கும் இடையே முடிவில்லாத தாவல்.
- α = 0.21: பெருக்கி −1.1. இருபது அடிகளில் y 6.7 மடங்காகிவிடும். இதற்குமேல் ஓட்டினால் எண்கள் வெடிக்கும்.

எல்லை 2 ÷ பெரிய ஐகன் மதிப்பு. சிக்கல் இங்கேதான்: அடியின் எல்லையைக் குறுக்குச் சுவர் தீர்மானிக்கிறது, பயண நேரத்தை நீளவாக்கு தீர்மானிக்கிறது. ஒன்றுக்குப் பொருந்தும் அடி மற்றதற்குப் பொருந்தாது.

> குறிப்பு: ஐகன் மதிப்புகளைக் கணக்கிட நேரமில்லையா? A அணியின் மூலைவிட்ட எண்களைக் கூட்டி, 1-ஐ அதனால் வகுத்து α-ஆக வையுங்கள். மூலைவிட்டத்தின் கூட்டுத்தொகை எல்லா ஐகன் மதிப்புகளின் கூட்டுத்தொகைக்குச் சமம். கிண்ண வடிவச் சார்பில் அவை எல்லாம் நேர்ம எண்கள், ஆகவே மிகப் பெரியது கூட்டுத்தொகையைத் தாண்டாது. மெதுவாகப் போகலாம், வெடிக்காது.

## நோய் எது என்று கண்டுபிடிப்பது

மெதுவாகப் போகிறது என்பது ஒரு புகார், நோயின் பெயரல்ல. α-ஐ மாற்றத் தொடங்கும் முன் மூன்றைப் பாருங்கள்.

1. f ஏறுகிறதா? அடி நீளம் அதிகம். பாதியாக்குங்கள். எத்தனை முறை பாதியாக்கினாலும் ஏறினால் சாய்வுக் கணக்கில் குறி தவறியிருக்கும்.

2. f இறங்குகிறது, அடுத்தடுத்த சாய்வுகள் ஏறக்குறைய ஒரே திசையைக் காட்டுகின்றனவா? அடி சிறிது. கூட்டலாம்.

3. f இறங்குகிறது, ஓர் அடி விட்டு ஓர் அடியின் சாய்வுகள் ஒரே திசையையும், அடுத்தடுத்தவை வேறு திசையையும் காட்டுகின்றனவா? இதுதான் தோணி நோய்.

மூன்றாவது சோதனையில் அடுத்தடுத்த சாய்வுகளை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அடி நீளத்தைச் சூத்திரப்படி எடுத்தால் அவை எப்போதுமே செங்குத்துதான், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும். இரண்டு மாறிகள் மட்டும் இருக்கும்போது ஓர் அடி விட்டுப் பார்ப்பதும் பயன்படாது, ஏனென்றால் தளத்தில் செங்கோணத்துக்குச் செங்கோணம் திரும்பினால் பழைய திசைதான். அங்கே f எந்த விகிதத்தில் குறைகிறது என்பதையே பாருங்கள். மாறிகள் பல இருக்கும்போதுதான் இந்தச் சோதனை பேசும். ஜப்பானியப் புள்ளியியலாளர் அகாய்க்கே 1959-இல் காட்டியது இது: எத்தனை மாறிகள் இருந்தாலும், போகப் போக இந்த முறை இரண்டே திசைகளுக்குள் அடங்கி மாறி மாறித் தாவும்.

### அடிக்கடி நடக்கும் தவறு: சீக்கிரம் நிறுத்துவது

f குறைவது 1 சதவீதத்துக்குக் கீழே போனதும் நிறுத்து என்று நிரலில் எழுதிவிடுவார்கள். κ = 1000 உள்ள தோணியில் மோசமான இடத்திலிருந்து புறப்பட்டால் ஓர் அடியில் f குறைவது 0.4 சதவீதம். நிரல் முதல் அடியிலேயே நின்று, விடை கிடைத்துவிட்டது என்று அறிவிக்கும். நீங்களோ புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறீர்கள். போக வேண்டிய தூரத்தில் 99.8 சதவீதம் மிச்சம். சாய்வின் அளவு தொடக்கத்தில் இருந்ததில் பத்து லட்சத்தில் ஒரு பங்காகும்வரை ஓடட்டும். அதுவும் முழுக் காப்பு இல்லை. சிறிய ஐகன் மதிப்பு 0.001 என்றால், சாய்வு 0.001 ஆன பிறகும் விடையிலிருந்து ஓர் அலகு தள்ளி நிற்கலாம்.

## தோணியைச் சட்டியாக்குவது

அடி நீளத்தோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு வடிவத்தை மாற்றுங்கள். பெரும்பாலான தோணிகள் இயற்கையில் இருப்பவை அல்ல. நாம் தேர்ந்தெடுத்த அலகுகளும், எண்ணத் தொடங்கிய புள்ளியும் உண்டாக்கியவை.

பத்து ஆண்டுகளின் தரவுக்கு y = a + bt என்ற நேர்கோட்டைப் பொருத்துவதாக வைத்துக்கொள்வோம். பிழைகளின் வர்க்கச் சராசரியில் பாதியைக் குறைக்க வேண்டும். மாறிகள் a, b. இது சுத்தமான இருபடிச் சார்பு. இதன் A அணியில் மூலைவிட்டத்தில் 1-உம் t²-இன் சராசரியும், மற்ற இரண்டு இடங்களில் t-இன் சராசரியும் இருக்கும்.

ஆண்டுகளை 1 முதல் 10 வரை எண்ணினால்:

1. t-இன் சராசரி 5.5, t²-இன் சராசரி 38.5. ஐகன் மதிப்புகள் 39.29, 0.21. κ ≈ 187. மோசமான புறப்பாட்டில் 650 அடிகளுக்கு அருகே.

2. t-ஐ அதன் பெரிய அளவு குறையும்படி 6.205-ஆல் (38.5-இன் வர்க்கமூலம்) வகுத்தால் κ 16.6 ஆகும்.

3. வகுக்காமல், சராசரியான 5.5-ஐ மட்டும் கழித்தால் κ 8.25.

4. கழித்துவிட்டுத் திட்ட விலக்கமான 2.872-ஆல் வகுத்தால் κ = 1. சட்டி. α = 1 என்று ஒரே அடி, விடை.

இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அலகை மாற்றுவதைவிடச் சராசரியைக் கழிப்பதே இங்கே அதிகம் உதவியது. காரணம், இந்தத் தோணி நீண்டு கிடந்தது மட்டுமல்ல, அச்சுகளுக்குச் சாய்வாகவும் கிடந்தது. சராசரியைக் கழித்ததும் அது நிமிர்ந்து அச்சோடு நேரானது. அதன் பிறகு வகுத்தல் அதை வட்டமாக்கியது.

ஆண்டுகளை 1, 2, 3 என்று எண்ணாமல் 2015 முதல் 2024 வரை அப்படியே கொடுத்தால் κ எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 2 லட்சம் கோடி. தொடக்க நாட்களில் நானே இப்படிக் கொடுத்துவிட்டு, இரவெல்லாம் கணினியை ஓடவிட்டு, காலையில் α-ஐக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். 2019.5-ஐக் கழித்திருந்தால் காபி ஆறுவதற்குள் முடிந்திருக்கும்.

> மறக்கக் கூடாதது: மாற்றிய அளவில் y = p + qu என்று கிடைத்தால், பழைய அளவில் b = q/2.872, a = p − 5.5b. புதிய தரவுக்குக் கணிக்கும்போதும் அதே 5.5, அதே 2.872-ஐப் பயன்படுத்துங்கள். புதிய தரவின் சராசரியை எடுத்தால் கோடு இடம் மாறிவிடும்.

### இது பலிக்காத இடம்

இரண்டு உள்ளீடுகள் ஒன்றையொன்று ஒட்டியே நகர்ந்தால் கழித்தலும் வகுத்தலும் போதா. ஒரு வீட்டின் பரப்பளவும் அதன் தரைக்கல் எண்ணிக்கையும் போல. ஒட்டுறவுக் கெழு 0.99 என்றால், எல்லாவற்றையும் ஒழுங்காக அளவிட்ட பிறகும் κ = (1 + 0.99)/(1 − 0.99) = 199. இரண்டில் ஒன்றை நீக்க முடிந்தால் நீக்குங்கள். மாறிகள் சில நூறுதான் என்றால் `np.linalg.solve` கொண்டு Ax = b-ஐ நேராகவே தீர்த்துவிடலாம்; இறங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

## முந்தைய அடியை நினைவில் வைத்தல்

நீக்கவும் முடியாது, அணி பெரிது என்றால், ஹெஸ்டனஸும் ஸ்டீஃபலும் 1952-இல் வெளியிட்ட இணைச்சாய்வு முறை இருக்கிறது. விரிவு அடுத்த அத்தியாயத்தில். இங்கே நம் கணக்கின் இரண்டாம் அடியை மட்டும் மாற்றிப் பார்ப்போம்.

1. முதல் அடி அப்படியே. (8.182, −0.818)-இல் நிற்கிறோம். முதல் அடியின் திசை d₀ = (−10, −10).

2. புதிய சாய்வின் வர்க்க அளவைப் பழையதன் வர்க்க அளவால் வகுங்கள்: 133.88/200 = 0.6694. இது β.

3. புதிய திசை = −g + β × பழைய திசை. (−8.182, 8.182) + 0.6694 × (−10, −10) = (−14.876, 1.488).

4. இந்தத் திசையில் f மிகக் குறையும் இடம் வரை போக வேண்டிய நீளம் 0.55; அவ்வளவு அடி வையுங்கள். x = 8.182 − 8.182. y = −0.818 + 0.818.

(0, 0). முப்பத்தைந்து அடிகள் தேவைப்பட்ட இடத்தில் இரண்டு. உங்கள் தாளில் சுழி வரவில்லை என்றால் 3-ஆம் படியைப் பாருங்கள்: பழைய திசைக்குப் பதில் பழைய சாய்வை, அதாவது (10, 10)-ஐ எழுதியிருப்பீர்கள். அப்படி எழுதினால் திசை (−1.488, 14.876) ஆகி, நீங்கள் மறுபடியும் எதிர்ச்சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருப்பீர்கள்.